முதல் வாட்ச்: ஆட்டோமேட்டிக்கா, குவார்ட்ஸா?

ஆட்டோமேட்டிக் வாங்கலாமா, குவார்ட்ஸ் வாங்கலாமா என்று யோசனை கேட்டு வருகிறவர்களிடம், விலையையும் பிராண்டையும் பற்றிப் பேசுவதற்கு முன்னால் நான் ஒன்றைக் கேட்பேன். ஞாயிற்றுக்கிழமையும் வாட்ச் கட்டுவீர்களா? பெரும்பாலானவர்கள் இந்தக் கேள்வியை எதிர்பார்ப்பதில்லை. டயல் நிறம், செயினா தோல் ஸ்ட்ராப்பா, எந்தக் கடையில் தள்ளுபடி என்றெல்லாம் பேசத் தயாராக வருவார்கள். ஆனால் இந்த இரண்டு வகை மெஷின்களில் எது உங்களுக்கு ஒத்துவரும் என்பதை, ஒரு வாரத்தில் வாட்ச் உங்கள் கையில் எத்தனை மணி நேரம் இருக்கிறது என்பதே பெருமளவுக்குத் தீர்மானித்துவிடுகிறது. மற்றவை அதற்குப் பிறகுதான்.

ஏன் என்று புரிய, இரண்டும் எப்படி ஓடுகின்றன என்பதைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

குவார்ட்ஸ் வாட்ச்சின் பின்மூடியைத் திறந்தால் கண்ணில் முதலில் படுவது சட்டைப் பொத்தானை விடச் சின்னதாக ஒரு செல். அதன் பக்கத்தில் அரிசி மணி அளவில் ஒரு உலோகக் குழல் இருக்கும். அந்தக் குழலுக்குள் இரண்டு கிளைகளாக வெட்டிய குவார்ட்ஸ் படிகம் இருக்கிறது. செல்லின் மின்சாரம் பாய்ந்ததும் அந்தப் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிரும். அந்த எண்ணை ஒரு சிறிய மின்சுற்று பாதி பாதியாக 15 முறை குறைத்தால் நொடிக்கு ஒன்று என்று வந்து நிற்கும். அந்த ஒற்றைத் துடிப்பு ஒரு குட்டி மோட்டாரை அரைச் சுற்று சுற்றுகிறது. நொடி முள் ஒரு கோடு தாவுகிறது. குவார்ட்ஸ் வாட்ச்சில் நொடி முள் விட்டு விட்டுத் தாவுவதற்கு இதுதான் காரணம். இந்த ஏற்பாட்டைக் கைக்கடிகாரமாக முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது ஜப்பானின் செய்கோ நிறுவனம், 1969 டிசம்பர் 25 அன்று. அஸ்ட்ரான் என்று பெயர். விலை 4,50,000 யென். பிறகு விலை சரிந்துகொண்டே வந்தது. 1984-இல் டாடா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் சேர்ந்து டைட்டனைத் தொடங்கி, ஓசூரில் தொழிற்சாலை அமைத்தபோது அவர்கள் நம்பி இறங்கியதும் குவார்ட்ஸில்தான். இன்று திருநெல்வேலி டவுனிலோ வண்ணார்பேட்டையிலோ ஒரு கடைக்குள் நுழைந்தால், கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பவற்றில் பெரும்பகுதி குவார்ட்ஸாகவே இருக்கும்.

ஆட்டோமேட்டிக்கில் செல் கிடையாது. சுருட்டிய ஸ்பிரிங் ஒன்று உள்ளே இருக்கிறது. அது விரியும் விசையில் பல்சக்கரங்கள் சுழல்கின்றன. அவற்றை ஒரே ஓட்டமாக ஓடிவிடாமல் தடுத்து, ஒவ்வொரு பல்லாக விடுவிப்பது பேலன்ஸ் வீல் என்ற சிறு சக்கரம். தலைமுடி போன்ற மெல்லிய ஹேர் ஸ்பிரிங் அதை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டே இருக்கும். பதினைந்தாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிற வாட்ச்களின் மெஷின்கள் பலவற்றில் இது மணிக்கு 21,600 துடிப்பு, அதாவது நொடிக்கு ஆறு. அதனால்தான் நொடி முள் தாவாமல் வழுக்கிக்கொண்டு போவதாகத் தெரிகிறது. ஸ்பிரிங்கைச் சுருட்டுவது ரோட்டார் என்ற அரைவட்டத் தகடு. உங்கள் கை அசையும்போது அது சுழன்று சாவி கொடுக்கிறது. பழைய எச்.எம்.டி. ஜனதாவில் தினமும் காலையில் கையால் செய்த வேலையை இதில் ரோட்டார் செய்கிறது, அவ்வளவுதான். (ஜனதாவை ஆட்டோமேட்டிக் என்று சிலர் விற்கிறார்கள். அது சாவி கொடுக்கும் வாட்ச்.)

கை அசைந்தால்தான் ஓட்டம். கை அசையாவிட்டால், சேர்த்து வைத்த விசை தீரும் வரை ஓடிவிட்டு நின்றுவிடும். ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி நான் கேட்பது இதனால்தான்.

என் அக்காள் மகனின் விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன். அம்பாசமுத்திரத்தில் ஒரு வங்கிக் கிளையில் வேலை கிடைத்து, பாளையங்கோட்டையிலிருந்து போய் வருகிறான். முதல் சம்பளங்களைச் சேர்த்து பதினைந்தாயிரம் ரூபாய்க்குள் ஒரு வாட்ச் வாங்க வேண்டும், அது ஆட்டோமேட்டிக்காக இருக்க வேண்டும் என்று வந்தான். அந்த விலைக்குள் வரும் ஆட்டோமேட்டிக்குகளில் நிறைய வாட்ச்களுக்குள் இருப்பது செய்கோ குழுமத்தின் என்ஹெச்35 என்ற மெஷின். முழுதாகச் சாவி ஏறியிருந்தால் சுமார் 41 மணி நேரம் ஓடும் என்பது அதன் கணக்கு.

இப்போது அவன் வாரத்தைப் பார்ப்போம். திங்கள் முதல் வெள்ளி வரை கட்டுகிறான். வெள்ளி இரவு எட்டு மணிக்குக் கழற்றி அலமாரியில் வைக்கிறான். சனி, ஞாயிறு கட்டுவதில்லை என்று வைத்துக்கொள்வோம். வெள்ளி இரவு எட்டிலிருந்து 41 மணி நேரம் என்றால் ஞாயிறு மதியம் ஒரு மணி. அதுவும் ஸ்பிரிங் முழுதாகச் சுருண்டிருந்தால் மட்டுமே. நாள் முழுவதும் மேசை முன்னால் உட்கார்ந்து கணினியில் தட்டச்சு செய்கிற கை அதிகம் அசைவதில்லை. அப்படிப்பட்டவர்களின் வாட்ச்சில் ஸ்பிரிங் பாதி, முக்கால் அளவுக்குத்தான் ஏறியிருக்கும். ஞாயிறு விடிவதற்குள் நின்றுவிட்டாலும் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

திங்கள் காலை பஸ்ஸுக்குக் கிளம்புகிற அவசரத்தில் நின்றுபோன வாட்ச் கையில். என்ன செய்ய வேண்டும்? குமிழை இழுக்காமலேயே முன்பக்கமாக இருபது முப்பது சுற்று சுற்றிச் சாவி கொடுக்க வேண்டும். என்ஹெச்35-இல் இது முடியும். அதற்கு முந்தைய 7எஸ்26 போன்ற மெஷின்களில் கையால் சாவி கொடுக்க வழியில்லை, ஆட்டித்தான் ஓட வைக்க வேண்டும். பிறகு குமிழைக் கடைசி வரை இழுத்து, முட்களை முன்னோக்கியே சுற்ற வேண்டும். ஞாயிறு மதியம் ஒரு மணிக்கு நின்ற வாட்ச் என்றால் சுற்றிக்கொண்டே வரும்போது ஓரிடத்தில் தேதி மாறும். அதுதான் நள்ளிரவு. அதைத் தாண்டிக் காலை ஏழரைக்குக் கொண்டுவந்தால் தேதியும் நேரமும் சரியாகிவிடும்.

பல நாள் நின்றுபோயிருந்தால் இங்கேதான் கவனம் தேவை. குமிழை ஒரு படி மட்டும் இழுத்துத் தேதியை நேரடியாக மாற்றும் வசதி உண்டு. ஆனால் வாட்ச் இரவு ஒன்பதுக்கும் அதிகாலை மூன்றுக்கும் இடையில் காட்டிக்கொண்டிருக்கும்போது அதைச் செய்யக் கூடாது. அந்த நேரத்தில் தேதியைத் தள்ளும் பல்லும் தேதித் தகடும் ஏற்கனவே கோத்துக்கொண்டிருக்கும். கையால் தள்ளினால் பல் உடையலாம். நின்றுபோன வாட்ச்சில் காட்டுகிற மணி பகலா இரவா என்று தெரியாது. ஆகவே முட்களை முதலில் ஆறு மணிக்குக் கொண்டுவந்து, தேதியை நேற்றைய தேதிக்கு வைத்து, அதன் பிறகு முட்களை முன்னோக்கிச் சுற்றி நள்ளிரவைத் தாண்ட வைக்க வேண்டும். புதிதாக வாங்கிய ஆட்டோமேட்டிக் ஆறு மாதத்தில் தேதி மாறாமல் கடைக்குத் திரும்பி வருகிறது என்றால், எனக்கு முதலில் வரும் சந்தேகம் இந்தத் தவறான தேதி மாற்றம்தான். தேதி உள்ள குவார்ட்ஸ் வாட்ச்களிலும் இந்த எச்சரிக்கை பொதுவாக உண்டு. ஆனால் குவார்ட்ஸில் தேதியைத் தொட வேண்டிய அவசியம் 31 நாள் இல்லாத மாதங்களின் முடிவில் மட்டும், வருடத்துக்கு ஐந்து முறைதான் வரும். வாராவாரம் நிற்கிற ஆட்டோமேட்டிக்கில் வாராவாரம் வரும்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அவன், "நான் ஞாயிற்றுக்கிழமையும் கட்டுவேன் மாமா. எனக்கு இருக்கப் போவது இந்த ஒரே வாட்ச்தானே" என்றான். அந்தப் பதில்தான் எனக்கு வேண்டியிருந்தது. பலரும் நினைப்பதற்கு நேர்மாறான ஒரு விஷயம் இதில் இருக்கிறது. ஆட்டோமேட்டிக் என்றால் நான்கைந்து வாட்ச் வைத்திருக்கும் ரசிகர்களுக்கு, குவார்ட்ஸ் என்றால் ஒரே ஒரு வாட்ச் வாங்குகிறவர்களுக்கு என்று ஒரு எண்ணம் உண்டு. உண்மையில் நான்கைந்து வாட்ச் உள்ளவரிடம்தான் ஆட்டோமேட்டிக் முறை வைத்து நின்றுகொண்டே இருக்கும். ஒரே வாட்ச்சை ஏழு நாளும் கட்டுகிறவரின் கையில் அது நிற்கவே நிற்காது. முதல் வாட்ச் வாங்குகிறவர் தினமும் கட்டுகிறவராக இருந்தால், ஆட்டோமேட்டிக்கின் பெரிய குறை அவருக்குக் குறையாகவே தெரியாது.

அடுத்து அவன் கேட்டது, நேரம் எவ்வளவு சரியாக இருக்கும் என்று. இதில் ஒளிவுமறைவு தேவையில்லை. சாதாரணக் குவார்ட்ஸ் மாதத்துக்குப் பதினைந்து இருபது நொடி முன்பின் போகும். என்ஹெச்35-க்குத் தயாரிப்பாளர் சொல்லும் அளவு, நாளுக்கு 20 நொடி குறைவிலிருந்து 40 நொடி கூடுதல் வரை. குவார்ட்ஸ் ஒரு மாதத்தில் செய்கிற தவறை ஆட்டோமேட்டிக் ஒரு நாளில் செய்யலாம். தயாரிப்பாளரின் அந்த எல்லை மிகவும் தாராளமானது. நல்ல நிலையில் உள்ள மெஷின் பெரும்பாலும் பத்து நொடிக்குப் பக்கத்தில் நின்றுவிடும். ஆனாலும் நாளுக்குப் பத்து நொடி என்றால் மாதத்துக்கு ஐந்து நிமிடம். செங்கோட்டை ரயிலைப் பிடிக்க ஜங்ஷனுக்கு ஓடுகிறவருக்கு ஐந்து நிமிடம் சின்ன விஷயம் இல்லை. அது முன்னால் போகிற ஐந்து நிமிடம் என்றால் ஸ்டேஷனில் கொஞ்சம் காத்திருப்பார். பின்தங்குகிற ஐந்து நிமிடம் என்றால் ரயில் போயிருக்கும். இதனால்தான் ஆட்டோமேட்டிக்கைச் சரிசெய்கிறவர்கள் அதைச் சற்று முன்னால் ஓடுகிறபடியே விடுவார்கள்.

அவன் வாட்ச் வாங்கிய பிறகு ஒரு வேலை கொடுத்தேன். ஞாயிறு காலை கைபேசியின் நேரத்துக்கு நொடி பிசகாமல் வைக்க வேண்டும். குமிழை இழுத்தால் நொடி முள் நிற்கும் வசதி அந்த மெஷினில் இருப்பதால் இது எளிது. அடுத்த ஞாயிறு அதே நேரத்தில் பார்க்க வேண்டும். ஒரு நிமிடம் மூன்று நொடி முன்னால் போயிருந்தது. ஏழால் வகுத்தால் நாளுக்கு ஒன்பது நொடி. அந்த வாரம் முழுவதும் இரவில் டயல் மேலே பார்க்கத் தட்டையாக வைத்திருந்தான். அடுத்த வாரம் இரவில் மட்டும் வாட்ச்சைப் பக்கவாட்டில், குமிழ் மேல்நோக்கி இருக்கும்படி நிறுத்தி வைக்கச் சொன்னேன். அந்த வாரக் கணக்கு நாளுக்கு இரண்டு நொடிதான். பேலன்ஸ் வீல் படுத்திருக்கும்போது ஒரு வேகத்திலும் நிற்கும்போது வேறொரு வேகத்திலும் ஆடுவதால் இப்படி நடக்கிறது. எந்த நிலையில் முந்தும், எதில் பிந்தும் என்பது ஒவ்வொரு வாட்ச்சுக்கும் வேறுபடும். உங்களுடையதை நீங்களேதான் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்துவிட்டால், பகலில் சேர்ந்த நொடிகளை இரவில் கழித்துவிடலாம். யாரும் பின்மூடியைத் திறக்காமல், செலவு இல்லாமல் செய்யக்கூடிய திருத்தம் இது. இந்த அக்கறையில் உங்களுக்கு ஒரு சந்தோஷம் பிறக்கிறது என்றால் ஆட்டோமேட்டிக் உங்களுக்கான வாட்ச். இது வேண்டாத தொல்லை என்று தோன்றினால் அதில் தவறு எதுவும் இல்லை. குவார்ட்ஸ் வாங்கிவிட்டு வேறு வேலையைப் பாருங்கள்.

குவார்ட்ஸுக்கும் நம் ஊர் வெயிலில் ஒரு சின்னப் பலவீனம் உண்டு. அந்தப் படிகத்தை 25 டிகிரி அளவில் சரியாக அதிரும்படி வெட்டியிருப்பார்கள். அதைவிடச் சூடு ஏறினாலும் குறைந்தாலும் அது மெதுவாகும். கையில் கட்டியிருக்கும்போது உடம்பின் சூடு அதை ஏறக்குறைய ஒரே அளவில் வைத்திருக்கும். அக்கினி நட்சத்திர நாட்களில் 38 டிகிரி கொதிக்கும் அறையில் கழற்றி வைத்தால் நாளுக்கு அரை நொடி பின்தங்கும். அரை நொடிதான். பொருட்படுத்த வேண்டியதில்லை, ஆனால் கட்டினால் சரியாகவும் வைத்தால் பிந்தியும் ஓடுகிறதே என்று குழம்புகிறவர்களுக்குக் காரணம் தெரியட்டும் என்று சொல்கிறேன்.

இன்னொருவர், எங்கள் தெருவில் இருக்கும் ஒரு பெண். பாளையங்கோட்டையில் செவிலியராகப் பணிபுரிகிறார். நாடித் துடிப்பை எண்ண வேண்டும், அதனால் நேரம் துல்லியமாகக் காட்டும் குவார்ட்ஸ்தான் வேண்டும் என்று அவரிடம் யாரோ சொல்லியிருந்தார்கள். முடிவு சரி, காரணம் சரியில்லை. நாளுக்குப் பத்து நொடி தவறுகிற ஆட்டோமேட்டிக், நாடி எண்ணுகிற அரை நிமிடத்தில் ஒரு நொடியின் நூறில் ஒரு பங்கு கூடத் தவறாது. எண்ணுவதற்கு எந்த வாட்ச்சும் போதும், நொடி முள் தெளிவாகத் தெரிந்தால் சரி. அவருக்கு ஆட்டோமேட்டிக் ஒத்துவராததற்கு வேறு காரணம் இருக்கிறது. கை கழுவிக்கொண்டே இருக்க வேண்டிய வேலை. வார்டில் வாட்ச்சைக் கழற்றிப் பையில் போட்டுவிடுகிறார். இரவுப் பணி முடிந்து வந்து பகலெல்லாம் தூங்குகிறார். வாரத்தில் அவர் கையில் வாட்ச் இருக்கிற நேரம் மிகக் குறைவு. எப்போது எடுத்தாலும் சரியான நேரம் காட்டுகிற ஒன்றுதான் அவருக்குத் தேவை. குவார்ட்ஸ் வாங்கினார், வேறொன்றை நான் சொல்லியிருக்க மாட்டேன்.

கையால் அடித்து வேலை செய்கிறவர்களுக்கும் குவார்ட்ஸ்தான். மண்வெட்டி பிடிக்கிற கை, கல் உடைக்கிற கை, துளை போடும் இயந்திரத்தை இறுக்கிப் பிடிக்கிற கை என்றால் ஒவ்வொரு அடியும் பேலன்ஸ் வீலின் அச்சுமுனைக்குப் போய்ச் சேரும். அந்த முனை தலைமுடியை ஒத்த தடிமன்தான். அதிர்ச்சியைத் தாங்க ஸ்பிரிங் வைத்த கல் பொருத்தியிருக்கிறார்கள். எப்போதாவது கதவில் இடித்துக்கொள்வதை அது தாங்கும். நாள் முழுவதும் விழுகிற அடிக்கு அது ஏற்பட்டதல்ல. பைக் ஓட்டுவதற்காகப் பயப்பட வேண்டாம், அந்த அதிர்வை நல்ல மெஷின் தாங்கிவிடும்.

காந்தம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல வாட்ச்சைக் கெட்டுவிட்டது என்று நினைக்க வைப்பது இதுதான். ஆட்டோமேட்டிக்கின் ஹேர் ஸ்பிரிங்கில் காந்தம் ஏறினால் அதன் சுற்றுகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். ஸ்பிரிங்கின் நீளம் குறைந்தது போலாகிவிடும். பேலன்ஸ் வீல் வேகமாக ஆடும். நேற்று வரை நாளுக்குப் பத்து நொடி முந்திய வாட்ச் இன்று திடீரென்று ஐந்து, பத்து நிமிடம் முந்துகிறது என்றால் முதலில் காந்தத்தைச் சந்தேகியுங்கள். கைபேசி உறையில் உள்ள காந்தப் பூட்டு, ஒலிபெருக்கி, இண்டக்‌ஷன் அடுப்பு, கைப்பையின் பித்தான் என்று வீட்டிலேயே வேண்டிய அளவு காந்தம் இருக்கிறது. சோதிக்க ஒரு சாதாரணத் திசைகாட்டி போதும். வாட்ச்சை அதன் அருகில் கொண்டுபோய் மெல்லத் திருப்பிப் பாருங்கள். முள் நன்றாகத் திரும்பி ஆடினால் காந்தம் ஏறியிருக்க வாய்ப்பு அதிகம். கடைக்காரரிடம் காந்தம் இறக்கும் சிறு கருவி இருக்கும். சில நொடி வேலை. இதற்கு முழு சர்வீஸ் தேவை என்று யாராவது சொன்னால் வாட்ச்சை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். குவார்ட்ஸில் பலமான காந்தம் பக்கத்தில் இருக்கிற வரை மோட்டார் தடுமாறி நிற்கும். விலகியதும் ஓடத் தொடங்கும். இடையில் போன நேரத்தைத் திரும்ப வைத்தால் போதும்.

தண்ணீர் விஷயத்தில் இரண்டு வகைக்கும் விதி ஒன்றே. 30 மீட்டர் என்று எழுதியிருந்தால் கை கழுவும்போது தெறிக்கிற தண்ணீருக்கு மட்டும். தாமிரபரணியில் முங்கிக் குளிக்க 100 மீட்டர் எழுதிய வாட்ச் வேண்டும். குற்றாலத்தில் அருவிக்கு அடியில் நிற்கும்போது அதையும் கழற்றி வைத்துவிடுவது நல்லது. எழுதியிருக்கிற மீட்டர் அசையாத தண்ணீரில் போட்ட அழுத்தத்தின் கணக்கு. உயரத்திலிருந்து அறைகிற தண்ணீரும், எண்ணெய்க் குளியலின் எண்ணெயும், சீயக்காயும் ரப்பர் வளையத்துக்கு ஆகாது. ஆனால் உள்ளே தண்ணீர் போய்விட்டால் என்ன ஆகும் என்பதில் இரண்டும் வேறுபடுகின்றன. குவார்ட்ஸில் மின்சுற்று பாழாகும். சாதாரண வாட்ச் என்றால் மெஷினையே சில நூறு ரூபாயில் மாற்றிவிடுவார்கள். ஆட்டோமேட்டிக்கில் துரு ஒரு எஃகுத் துண்டிலிருந்து அடுத்ததற்குப் பரவும். முழுதாகப் பிரித்துக் கழுவ வேண்டும். முற்றிப்போனால் மெஷினை மாற்ற சில ஆயிரம் ஆகும். கண்ணாடிக்கு உள்பக்கம் ஆவி படிந்து தெரிந்தால் இரண்டில் எதுவானாலும் அன்றைக்கே கடைக்குப் போக வேண்டும். வெயிலில் வைத்தால் காய்ந்துவிடும் என்று காத்திருப்பதுதான் துருவுக்கு வழி விடுகிறது.

பராமரிப்புச் செலவில் குவார்ட்ஸ் எளிது என்பது எல்லோருக்கும் தெரியும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு செல், நூறு இருநூறு ரூபாய். சில குவார்ட்ஸ் வாட்ச்களில் செல் தீரப் போகும்போது நொடி முள் இரண்டிரண்டு நொடியாகத் தாவி எச்சரிக்கும். பலரும் கவனிக்காத ஆபத்து ஒன்று உண்டு. கல்யாணத்துக்கு வந்த வாட்ச்சை உறை பிரிக்காமல் பீரோவில் வைத்துவிடுவார்கள். உள்ளே செல் தீர்ந்து, பிறகு கசிந்து, பச்சையாகப் பூத்து மெஷினைத் தின்றுவிடும். கட்டாமல் வைக்கப் போகிற குவார்ட்ஸில் செல்லைக் கழற்றிவிட வேண்டும்.

ஆட்டோமேட்டிக்கில் எண்ணெய் உலரும். ஐந்து வருட அளவில் அல்லது அதற்குச் சற்றுப் பிறகு, முழுதாகப் பிரித்துக் கழுவி எண்ணெய் இட வேண்டும். இதற்கு ஆயிரம் இரண்டாயிரம் ஆகலாம். பணத்தைவிட முக்கியம், அந்த வேலையைச் செய்யத் தெரிந்த கை. வாங்குவதற்கு முன்பே உங்கள் ஊரில் அப்படி ஒருவர் இருக்கிறாரா என்று பாருங்கள். அவரிடம் வாட்ச்சின் துடிப்பைக் கேட்டு அளக்கும் டைம்கிராஃபர் கருவி இருக்கிறதா என்று விசாரியுங்கள். வாட்ச்சை அதன் மீது வைத்தால் டிக் டிக் ஓசையைக் கேட்டுத் திரையில் புள்ளிக்கோடுகளாக வரையும். கோடு கிடையாக ஓடினால் நேரம் சரி; மேலே ஏறினால் முந்துகிறது, இறங்கினால் பிந்துகிறது. பக்கத்தில் பேலன்ஸ் வீல் எத்தனை டிகிரி ஆடுகிறது என்ற எண் வரும். முழுதாகச் சாவி கொடுத்த நல்ல மெஷின் 250, 270 என்று காட்டும். 200-க்கு அருகில் சரிந்திருந்தால் எண்ணெய் உலர்ந்துவிட்டது என்று கொள்ளலாம். சர்வீஸுக்கு முன்னும் பின்னும் அந்தத் திரையைக் காட்டச் சொல்லுங்கள். தொழில் தெரிந்தவர் மகிழ்ச்சியோடு காட்டுவார்.

விலையையும் சொல்லிவிடுகிறேன். ஐயாயிரம் ரூபாய்க்குள் என்றால் குவார்ட்ஸ் தவிர வேறு பேச்சே வேண்டாம். அந்தப் பணத்துக்கு நல்ல எஃகு உறை, நல்ல கண்ணாடி, நம்பகமான மெஷின் எல்லாம் குவார்ட்ஸில் கிடைக்கும். இரண்டாயிரத்துக்கு இணையத்தில் வருகிற, டயலில் ஓட்டை போட்டு உள்ளே சக்கரம் தெரிகிற பெயர் தெரியாத ஆட்டோமேட்டிக்குகளை நான் யாருக்கும் சொல்வதில்லை. அவை கெட்டால் உதிரிப் பாகம் கிடைக்காது. புதிதாகச் சாயம் பூசிய டயலோடு விற்கப்படும் பழைய எச்.எம்.டி.களும் அப்படித்தான். நிறுவனம் நல்ல வாட்ச்களைச் செய்தது. அவற்றைப் பல வாட்ச்களின் பாகங்களை ஒட்டுப்போட்டு இன்று விற்கிறவர்கள் வேறு ஆட்கள். பழைய வாட்ச் பார்த்துப் பழகிய கண்ணுக்கே அவற்றில் தேர்வு செய்வது கடினம். முதல் வாட்ச்சை அங்கே தேட வேண்டாம்.

பத்தாயிரத்துக்கு மேல் செலவழிக்க முடியும், தினமும் கட்டுவீர்கள், நிமிடக் கணக்குத் தவறினால் குடி முழுகாத வேலை, பக்கத்தில் நல்ல மெக்கானிக் இருக்கிறார் என்றால் ஆட்டோமேட்டிக்கைத் தயங்காமல் வாங்கலாம். உங்கள் கை அசைவிலேயே ஓடுகிற ஒரு பொருள் தருகிற நெருக்கத்தைக் குவார்ட்ஸ் தராது என்பது என் உறுதியான கருத்து. பராமரித்தால் உங்கள் மகனோ மகளோ கட்டுகிற காலம் வரை அது ஓடும். இந்த நான்கில் ஒன்று இல்லையென்றாலும் குவார்ட்ஸ் வாங்குங்கள். எண்ணிப் பார்த்தால், முதல் வாட்ச் வாங்க வருகிறவர்களில் அதிகம் பேர் குவார்ட்ஸ் பக்கம்தான் வருவார்கள்.

கடையில் பணம் கொடுப்பதற்கு முன் ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். குவார்ட்ஸ் என்றால் நொடி முள் ஒவ்வொரு தாவலிலும் கோட்டின் மேல் சரியாக உட்காருகிறதா என்று ஒரு முழுச் சுற்றுப் பாருங்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் எவ்வளவு நாள் ஓடிக்கொண்டிருந்ததோ தெரியாது, புதுச் செல் போட்டுத் தரச் சொல்லுங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் சாவி கொடுத்து, முட்களைச் சுற்றி, தேதியும் கிழமையும் நள்ளிரவை ஒட்டி முழுதாக மாறுகின்றனவா என்று பாருங்கள். வாட்ச்சைக் காதருகே வைத்து மெல்ல அசைத்தால் ரோட்டார் சுழலும் மெல்லிய ஓசை கேட்க வேண்டும், உலோகம் உரசும் சத்தம் கேட்கக் கூடாது. உத்தரவாத அட்டையில் கடையின் முத்திரையும் தேதியும் வாட்ச்சின் பின்னால் உள்ள எண்ணும் எழுதி வாங்குங்கள். ஆட்டோமேட்டிக்கை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் கைபேசி நேரத்துக்கு வைத்து, அந்தத் தேதியை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்துக்குப் பிறகும் நாளுக்கு 40 நொடிக்கு மேல் முந்தினாலோ 20 நொடிக்கு மேல் பிந்தினாலோ, அந்தத் தாளோடு கடைக்குப் போய் உத்தரவாதத்திலேயே சரிசெய்து தரக் கேட்கலாம்.